புரோட்டீன் டப்பா வாங்கும் முன்: ஜிம்மில் சேர்ந்த நண்பனுக்கு ஒரு பதில் கடிதம்

ஜிம் மாஸ்டர் எழுதிக் கொடுத்த லிஸ்ட் அனுப்பியிருக்கேன். மொத்தம் 9,800 ரூபாய் வருது. சம்பளம் வந்ததும் வாங்கிடட்டுமா?

வாங்காதே மச்சான். மூன்று மாதம் பொறு.

நீ அனுப்பிய சீட்டில் ஆறு பொருள் இருக்கிறது. வே புரோட்டீன் ஒரு கிலோ 3,200, மாஸ் கெயினர் மூன்று கிலோ 2,900, பிசிஏஏ 1,500, கிரியேட்டின் 900, மீன் எண்ணெய் மாத்திரை 700, மல்டிவைட்டமின் 600. உன் சம்பளம் 26,000. ரூம் வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் போக மிஞ்சுவதில் பெரும்பகுதி இந்தச் சீட்டுக்கே போய்விடும். அவ்வளவு செலவு செய்துவிட்டு மறுநாள் காலையில் நீ டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுத்தான் பனியன் கம்பெனிக்குக் கிளம்பப் போகிறாய். எனக்கு மனசு கேட்காதது அதுதான். டப்பா கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அதில் இருக்கும் புரோட்டீன் உடம்பில் தசையாக நிற்க வேண்டுமானால் அடியில் சாப்பாடு இருக்க வேண்டும். உன்னிடம் இப்போது அது இல்லை.

உணவியல் படித்து ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன் என்ற முறையிலும், உன் கூடப் படித்தவன் என்ற முறையிலும் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால் நீ கேட்டதை எல்லாம் அப்படியே மேலே வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் எழுதியிருக்கிறேன்.

நான் நல்லாத்தானே சாப்பிடறேன்? மெஸ்ல வயிறு நிறைய சோறு போடறாங்களே.

வயிறு நிறைகிறது, சரி. எதால் நிறைகிறது என்று ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீ போன வாரம் எழுதி அனுப்பிய அதே பட்டியல்தான்.

காலை ஏழரைக்கு டீ, இரண்டு பிஸ்கட். பத்தரைக்கு டீ, ஒரு வடை. மதியம் மெஸ்ஸில் நானூறு கிராம் அளவுக்குச் சோறு, சாம்பார், ரசம், கொஞ்சம் பொரியல். சாயங்காலம் டீ, ஒரு பப்ஸ். எட்டு மணிக்கு ஜிம். பத்து மணிக்கு மூன்று தோசை, சட்னி.

இதில் புரோட்டீன் எங்கே இருக்கிறது என்று பார். மூன்று டீயில் உள்ள பாலில் 6 கிராம். பிஸ்கட்டில் 1, வடையில் 3, பப்ஸில் 3. நானூறு கிராம் சோற்றில் 10. மெஸ் சாம்பாரில் பருப்பு குறைவு, இரண்டு கரண்டிக்கு 4 கிராம் என்றே வைத்துக்கொள்ளலாம். பொரியலில் 2. மூன்று தோசையும் சட்னியும் சேர்ந்து 10. கூட்டினால் 39 கிராம் வருகிறது. அதில் பாதிக்கு மேல் அரிசியிலிருந்தும் மைதாவிலிருந்தும் வருவது.

இன்னொன்றையும் கவனி. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட்டவன், மறுநாள் மதியம் ஒன்றரை வரைக்கும் உருப்படியாக எதுவும் சாப்பிடுவதில்லை. நாள் முழுக்கக் கூட்டினாலும் 1,900 கலோரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. 62 கிலோ எடையில், நின்றுகொண்டே வேலை பார்த்து, அதற்கு மேல் ஜிம்முக்கும் போகிற உனக்கு 2,400, 2,500 வேண்டும். இந்த நிலையில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீனைக் கலக்கிக் குடித்தால் உடம்பு அதிலிருந்து கணிசமான பங்கை அன்றைய ஓட்டத்துக்கான எரிபொருளாகவே எரித்துவிடும். எரிபொருள் போதாத உடம்புக்குத் தசை கட்டுவது இரண்டாவது வேலைதான். நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய புரோட்டீன் இரண்டு கைப்பிடி சோறு செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டுப் போகும்.

அப்போ ஒரு நாளைக்கு எவ்வளவு புரோட்டீன் வேணும்? மாஸ்டர் எடைக்கு ரெண்டு மடங்குன்னு சொல்றார்.

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் என்று சொல்கிறது. உனக்கு அது 51 கிராம். எடை தூக்குகிறவர்களுக்குக் கூடுதலாக வேண்டும் என்பது உண்மை. 1.2 முதல் 1.6 வரை போகலாம். அதாவது உனக்கு 75 முதல் 100 கிராம். 1.6-ஐத் தாண்டினால் தசை வளர்ச்சியில் பெரிதாகக் கூடுதல் பலன் தெரிவதில்லை. அந்த நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கவும் அது அறிவுறுத்துகிறது.

மாஸ்டர் சொல்லும் 124 கிராம் சாப்பாட்டில் வராது. அந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் டப்பா இல்லாமல் முடியாது என்றுதான் தோன்றும். 85, 90 என்று வைத்துக்கொள். அது சாப்பாட்டிலேயே வந்துவிடும்.

சரி, என்னதான் சாப்பிடணும்? ரூம்ல ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் சின்ன குக்கரும்தான் இருக்கு. ஃபிரிட்ஜ் கிடையாது.

அந்த இரண்டும் போதும். ஃபிரிட்ஜ் இல்லாததை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ராத்திரி படுக்கும் முன் 50 கிராம் கருப்புக் கொண்டைக்கடலையைக் கழுவி ஊறப்போடு. 50 கிராம் என்பது கையை நன்றாக நிறைத்த ஒரு பிடி, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரும் உப்பும் போட்டு ஐந்து விசில் விடு. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டுவது முக்கியம், வாயுத் தொல்லை குறையும். குக்கரை இறக்கிவிட்டு, அதே அடுப்பில் இரண்டு முட்டையைப் பத்து நிமிடம் வேகவை. முட்டை வேகும் நேரத்தில் நீ குளித்துவிடலாம்.

காலைச் சாப்பாடு: இரண்டு முட்டை, கால் லிட்டர் பால், இரண்டு வாழைப்பழம். நேரம் இருந்தால் பக்கத்துக் கடையில் நான்கு இட்லியும் சேர்த்துக்கொள். பிஸ்கட் வேண்டாம். டீ குடிக்கணும் என்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி. சாப்பாட்டோடு டீ குடித்தால் பயறிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும்.

பத்தரை மணி டீ பிரேக்குக்கு வடைக்குப் பதில் அந்தச் சுண்டல். டப்பாவில் போட்டு எடுத்துப் போ. தேங்காய் போடாதே. திருப்பூர் வெயிலில், அதுவும் அயர்னிங் செக்‌ஷன் பக்கத்தில் வைத்தால் தேங்காய் போட்ட சுண்டல் மதியத்துக்குள் நூல் விட்டுவிடும். எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டால் போதும். அந்த எலுமிச்சையால் கடலையில் உள்ள இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சுண்டலைச் சாயங்காலம் வரை வைத்திருக்காமல் காலையிலேயே சாப்பிட்டு முடிக்கச் சொல்வதும் கெட்டுப்போகும் என்பதால்தான்.

மதியம் மெஸ்ஸை மாற்ற வேண்டாம். சாம்பார் வாளியில் மேலே நிற்பது வெறும் தண்ணீர், பருப்பு அடியில் கிடக்கும். பரிமாறுகிறவரிடம் "அண்ணா, கொஞ்சம் அடியில கலக்கி ஊத்துங்க" என்று கேள். தினமும் போகிற ஆளுக்குச் செய்வார்கள். கூட ஒரு கப் தயிர் வாங்கிக்கொள். சோற்றைக் குறைக்காதே. இணையத்தில் வரும் எடை குறைப்பு அறிவுரை எதுவும் உனக்குப் பொருந்தாது, உனக்கு எடை ஏற வேண்டும்.

சாயங்காலம் பப்ஸுக்குப் பதில் ஒரு பிடி வறுத்த நிலக்கடலையும் ஒரு பிடி பொட்டுக்கடலையும். இவை கெடாது. ஒரு வாரத்துக்கு வாங்கி கம்பெனி டிராயரிலேயே வைத்துவிடலாம். ஜிம்முக்குப் போகும்முன் இது வயிற்றில் இருந்தால், எட்டரைக்கே கை தளர்ந்து போவதாகச் சொன்னாயே, அது மாறும்.

ராத்திரி அதே மூன்று தோசை. கூட இரண்டு முட்டை, ரூமில் வேகவைத்தோ கடையில் ஆம்லெட்டாகவோ. ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பதில் கோழியோ மத்தி மீனோ.

இப்போது கணக்குப் பார். நான்கு முட்டையில் 24, பாலில் 8, சுண்டலில் 10, நிலக்கடலையிலும் பொட்டுக்கடலையிலும் சேர்த்து 13, தயிரில் 3. மொத்தம் 58. நிறுத்திய பிஸ்கட், வடை, பப்ஸுக்கு 7 கழித்தால் 51 கூடுகிறது. பழைய 39-உடன் சேர்த்தால் 90 கிராம். கலோரியும் 2,500-ஐத் தொட்டுவிடும். ஒரு டப்பாவும் தேவைப்படவில்லை.

இதுக்கு மட்டும் செலவு ஆகாதா?

ஆகும். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்று வைத்தால் நான்குக்கு 28. பால் 13, கொண்டைக்கடலை 6, நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் 9, தயிர் 10, பழம் 12. நாளைக்கு 78 ரூபாய், மாதத்துக்கு 2,340. பிஸ்கட், வடை, பப்ஸுக்கு இப்போது போகும் நாற்பது ரூபாயைக் கழித்துவிட்டால் உண்மையில் கூடுவது 1,100, 1,200தான். விலை ஊருக்கு ஊர் மாறும், முட்டை விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். அப்படியே இருந்தாலும் 9,800 பக்கத்தில் வராது.

ஒரு ஸ்கூப் வே புரோட்டீனில் 24 கிராம் இருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்கும். உன் மாஸ்டர் சொன்ன விலைக்கு அது 107 ரூபாய். அதே 24 கிராம் நான்கு முட்டையில் 28 ரூபாய். மீல்மேக்கரில் பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குப் போடும் துவரம் பருப்பு வீட்டில் மிச்சம் இருந்தால் அம்மாவிடம் கேட்டு ஒரு கிலோ எடுத்து வா. குக்கரில் பருப்பு வேகவைத்து நெய் ஊற்றிச் சாப்பிட்டால் ஞாயிறு மதியம் மெஸ் லீவு விடும்போது சமாளித்துவிடலாம்.

புரட்டாசியில முட்டை, கறி எல்லாம் நிறுத்திடுவேனே?

நிறுத்திக்கொள், பிரச்சினை இல்லை. அந்த மாதம் காலை முட்டைக்குப் பதில் முளைகட்டிய பச்சைப்பயறு ஒரு கப் வேகவைத்துக்கொள். ராத்திரி முட்டைக்குப் பதில் 50 கிராம் மீல்மேக்கர். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, எடுத்து, நன்றாகப் பிழிந்து, மறுபடி குளிர்ந்த தண்ணீரில் அலசிப் பிழி. இரண்டு முறை பிழிந்தால்தான் அந்தப் பச்சை வாடை போகும். அதில் 25 கிராம் புரோட்டீன் இருக்கிறது. பாலை அரை லிட்டராக ஆக்கிக்கொள்.

ஜிம்ல பசங்க முட்டையைப் பச்சையா உடைச்சுக் குடிக்கிறாங்க. மஞ்சள் கரு வேண்டாம்னும் சொல்றாங்க. எது சரி?

இரண்டுமே வேண்டாத வேலை. வேகவைத்த முட்டையின் புரோட்டீனில் சுமார் 90 விழுக்காடு உடம்பில் சேருகிறது. பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான் சேருகிறது. கிருமித் தொற்றுக்கான வாய்ப்பு வேறு. நம் ஊர்க் கலக்கி பாதி வெந்தது என்பதால் எப்போதாவது ஆசைக்குச் சாப்பிடு, தினமும் வேண்டாம்.

மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுகிறவர்கள் முட்டையின் புரோட்டீனில் ஐந்தில் இரண்டு பங்கைத் தூக்கிப் போடுகிறார்கள். பி12, வைட்டமின் டி, ஏ எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதையும் தூக்கிப் போட்டுவிட்டு மல்டிவைட்டமின் வாங்குவதில் என்ன அர்த்தம் இருக்கிறது? ரத்தத்தில் கொழுப்பு கூடுதல் என்று டாக்டர் சொன்னவர்கள் மட்டும் அவரைக் கேட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்ள வேண்டும். உனக்கு அப்படி எதுவும் இல்லை.

எனக்கு எடை ஏறணும், அதுக்கு மாஸ் கெயினர்தான் வழின்னு சொன்னாங்களே?

அந்த டப்பாவைத் திருப்பி, பின்பக்கம் உள்ள உட்பொருள் பட்டியலைப் படி. எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். பெரும்பாலான மாஸ் கெயினரில் முதலில் இருப்பது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம் மாதிரியான தானிய மாவிலிருந்து எடுக்கும், சர்க்கரையைப் போல வேகமாகச் செரிக்கும் ஒரு பொடி. நூறு கிராம் கலக்கினால் எழுபது, எண்பது கிராம் அதுதான். புரோட்டீன் பதினைந்து, இருபது கிராம் இருக்கும். சாக்லேட் வாசனை போட்ட மாவுச்சத்தை 2,900 ரூபாய்க்கு வாங்குகிறோம்.

உனக்கு வேண்டியது நாளைக்கு ஐந்நூறு கலோரி கூடுதல். மேலே சொன்ன சாப்பாட்டிலேயே அது வந்துவிடுகிறது. இரண்டு வாரம் கழித்தும் எடை அசையவில்லை என்றால் ராத்திரி ஒரு தோசையும் மதியம் ஒரு கரண்டி சோறும் கூட்டு. அதற்கும் அசையாவிட்டால் படுக்கும் முன் ஒரு டம்ளர் பாலில் இரண்டு கரண்டி சத்துமாவு காய்ச்சிக் குடி. அம்மா அரைத்துக் கொடுத்ததாகச் சொன்னாயே, அந்தச் சத்துமாவுதான்.

பிசிஏஏ? ரூம்மேட் ப்ரீ-ஒர்க்அவுட் வேற குடிக்கச் சொல்றான்.

பிசிஏஏ என்பது லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்கள். முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் அவை இருக்கின்றன. தசை கட்ட ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் ஒன்றாக வேண்டும், மூன்றை மட்டும் தனியாகக் கொடுத்துப் பயனில்லை. 1,500 ரூபாயும் தண்டம்.

ப்ரீ-ஒர்க்அவுட்டில் வேலை செய்வது பெரும்பாலும் கஃபீன். ஒரு ஸ்கூப்பில் இருநூறு, முந்நூறு மில்லிகிராம் வரை இருக்கும். நீ ஜிம்முக்குப் போவது ராத்திரி எட்டு மணிக்கு. கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி ஒரு மணிக்கும் அதில் பாதி உன் ரத்தத்தில் ஓடும். தூக்கம் கெட்டால் தசை வளர்வதும் கெடும். தொடவே தொடாதே.

எப்பவும் சோர்வா இருக்கு, முடியும் கொட்டுது. அதுக்காவது மல்டிவைட்டமின் எடுத்துக்கலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் முக்கியமாக உட்கார்ந்து எழுதினேன். சோர்வுக்கும் முடி கொட்டுவதற்கும் காரணம் பல இருக்கலாம். ரத்தசோகை, பி12 குறைவு, வைட்டமின் டி குறைவு, தைராய்டு, சர்க்கரை, இல்லை வெறுமனே காலையில் சாப்பிடாததும் ஆறு மணி நேரத் தூக்கமும். எது என்று தெரியாமல் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் மாத்திரையைப் போட்டால் எதுவும் சரியாகாது.

வைட்டமின் டி குறைவு என்று வந்தால் டாக்டர் வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் என்று சில வாரங்களுக்கு எழுதுவார். மல்டிவைட்டமின் மாத்திரையில் பெரும்பாலும் சில நூறு யூனிட்தான் இருக்கும். குறைபாடு உள்ளவனுக்கு அது எந்த மூலைக்கு? குறைபாடு இல்லாதவனுக்கு அதுவும் தேவையில்லை. இரும்புச்சத்து மாத்திரையோ அதற்கு நேர் எதிர். ரத்தம் பார்க்காமல் நீயாகப் போடவே கூடாது. தலசீமியா மாதிரி சில கோளாறுகளில் ரத்த அளவு குறைவாகக் காட்டும், ஆனால் இரும்பு கொடுத்தால் உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும்.

அதனால் அந்த 600 ரூபாயை வைத்து முதலில் டாக்டரைப் பார். முழு ரத்த எண்ணிக்கை, உடம்பில் இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, சர்க்கரை. எல்லாவற்றையும் தனியார் லேபில் எடுத்தால் 600-ல் முடியாது, கூடத்தான் ஆகும். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், அதில் தொடங்கு. குறை என்று வந்தால் டாக்டர் எழுதும் மாத்திரையைத் தயங்காமல் வாங்கு. அது தேவைக்கு வாங்குவது, அதைத் தள்ளிப்போடக் கூடாது.

முடிக்கு என்று பயோட்டின் ஏதாவது ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் லேபில் சொல்லிவிடு. தைராய்டு மாதிரி சில பரிசோதனைகளில் அது தவறான அளவைக் காட்ட வைக்கும்.

மீன் எண்ணெய்?

வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ சாப்பிட்டால் அந்த மாத்திரையில் இருப்பது வந்துவிடும். இப்போதைக்கு அது போதும்.

கிரியேட்டினையும் வேண்டாம்னு சொல்லிடுவியா?

இல்லை, உன் லிஸ்டில் நான் மரியாதையாகப் பார்ப்பது அது ஒன்றைத்தான். எடை தூக்கும்போது கூட இரண்டு முறை தூக்க உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. நாளைக்கு 3 முதல் 5 கிராம் போதும், முதல் வாரம் நாளைக்கு இருபது கிராம் போட வேண்டிய அவசியம் இல்லை. மாஸ்டர் 250 கிராம் டப்பாவை மாதக் கணக்கில் சேர்த்திருக்கிறார். 3 கிராம் வீதம் எடுத்தால் அது எண்பது நாள் வரும்.

ஆனாலும் இப்போது வேண்டாம். தொடங்கிய சில நாளில் தசைக்குள் தண்ணீர் சேர்ந்து ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறும். சாப்பாட்டால் ஏறியதா, தண்ணீரால் ஏறியதா என்று உனக்குத் தெரியாமல் போகும். மூன்று மாதம் சாப்பாட்டை நிலைநிறுத்திவிட்டு, வேண்டும் என்று தோன்றினால் வாசனை எதுவும் சேர்க்காத சாதா கிரியேட்டின் மோனோஹைட்ரேட் வாங்கு. அதை எடுக்கும் காலத்தில், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறியப் பார்க்கும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். பரிசோதனைக்குப் போனால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

புரோட்டீன் அதிகமானா கிட்னி போயிடும்னு அம்மா பயப்படறாங்க.

நான் சொன்ன 90 கிராம் அளவு ஆரோக்கியமான சிறுநீரகத்துக்குப் பிரச்சினை இல்லை. உன் அப்பாவுக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால், ரத்தம் கொடுக்கும்போது உனக்கும் பிரஷரும் கிரியாட்டினினும் ஒருமுறை பார்த்துவிட்டால் அம்மாவுக்கும் நிம்மதி.

அப்போ வே புரோட்டீன் எப்பவுமே வாங்கக் கூடாதா?

அப்படி இல்லை. பன்னீர் செய்யப் பாலைத் திரிக்கும்போது வடியும் தண்ணீரில் இருக்கும் புரோட்டீன்தான் வே. அதைப் பிரித்து உலர்த்திப் பொடியாக்கி விற்கிறார்கள். நல்ல புரோட்டீன்தான். மூன்று மாதம் மேலே சொன்னபடி சாப்பிட்ட பிறகும், ஷிப்மெண்ட் நேரத்தில் நைட் ஷிஃப்ட் போட்டு ஒரு வேளை தவறிப்போகிறது என்றால், அந்த வேளைக்கு ஒரு ஸ்கூப் என்று வைத்துக்கொள்வது நியாயம். ஜிம் முடித்து அரை மணிக்குள் குடித்தே ஆக வேண்டும் என்ற அவசரமும் கிடையாது. பத்து மணிக்கு நீ சாப்பிடும் முட்டையே அந்த வேலையைச் செய்யும்.

வாங்கும் நாள் வந்தால் கவனமாக வாங்கு. கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட ஒரு குழு இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பொடிகளைப் பரிசோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில் டப்பாவில் போட்ட புரோட்டீன் அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

ஏமாற்றுவது எப்படி என்று தெரிந்துகொண்டால் பாதியைக் கண்டுபிடித்துவிடலாம். புரோட்டீன் அளவை அளக்கும் வழக்கமான சோதனை நேராகப் புரோட்டீனை அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்கிடுகிறது. கிளைசின், டாரின் போன்ற விலை மலிந்த பொருள்களைக் கலந்தாலும் நைட்ரஜன் கூடும், புரோட்டீன் அதிகம் இருப்பது போலக் காட்டும். உட்பொருள் பட்டியலில் இந்தப் பெயர்கள் தனியாக இருந்தால் அந்த டப்பாவை வைத்துவிடு. ஒவ்வொரு பொருளும் எவ்வளவு என்று சொல்லாமல் ஏதோ ஒரு பெயரில் மொத்தக் கலவையாகப் போட்டிருந்தாலும் வேண்டாம். மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் 14 இலக்கம் இருக்கிறதா, வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்கிறதா என்று பார். ஜிம்மில் பெரிய டப்பாவிலிருந்து பாலிதீன் கவரில் பிரித்துக் கொடுப்பதை எந்த விலைக்கும் வாங்காதே. அதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாது.

மாஸ்டர்கிட்ட என்ன சொல்றது? கோவிச்சுக்குவாரே.

"டாக்டர் ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கார், ரிப்போர்ட் வந்ததும் பார்க்கலாம் மாஸ்டர்" என்று சொல். பொய்யும் இல்லை. பல ஜிம்களில் டப்பா விற்றால் சொல்லிக் கொடுப்பவருக்கு ஒரு பங்கு வரும். அவர் பிழைப்பும் அதில் இருக்கிறது, அதனால் சண்டை போட வேண்டாம். ஸ்குவாட் சொல்லித் தருவதில் அவர் கெட்டிக்காரர் என்று நீயே சொன்னாய். அதைக் கற்றுக்கொள்.

சாப்பாட்டை மாத்தினது வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

முதல் வாரம் வயிறு உப்பும். சுண்டலை 25 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் 50 ஆக்கினால் அது அடங்கிவிடும். மலச்சிக்கல் வந்தால் தண்ணீரும் காயும் போதவில்லை என்று அர்த்தம், மெஸ்ஸில் பொரியலை இரண்டாவது முறை கேட்டு வாங்கு. பால் குடித்த ஒவ்வொரு முறையும் வயிறு கலக்கினால் பாலை விட்டுத் தயிருக்கு மாறிவிடு.

அப்புறம் மூன்று எண்ணை எழுதி வை. ஒவ்வொரு ஞாயிறும் காலையில் வெறும் வயிற்றில் எடை. அதே நேரம் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து இடுப்பளவு, டேப் உன் டேபிளிலேயே கிடக்கும். மூன்றாவது, ஸ்குவாட்டில் எத்தனை கிலோ, எத்தனை முறை. வாரத்துக்கு கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை ஏறினால் சரியான வேகம். எடை ஏறி, தூக்கும் கிலோவும் ஏறி, இடுப்பு அப்படியே நின்றால் தசை சேர்கிறது. எடையும் இடுப்பும் சேர்ந்து ஏறி, தூக்குவது மட்டும் நின்ற இடத்தில் நின்றால் கொழுப்பு சேர்கிறது. அப்போது கூட்டிய தோசையைக் குறைத்துக்கொள். மூன்றுமே நான்கு வாரமாக அசையவில்லை என்றால் ஏதோ ஒரு வேளை விட்டுப்போகிறது, பெரும்பாலும் காலை வேளையாகத்தான் இருக்கும்.

நான்காவது ஞாயிறு அந்த எண்களையும், ரத்த ரிப்போர்ட்டின் போட்டோவையும் எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த மாதச் சாப்பாட்டைச் சொல்கிறேன்.